கொசு வேகவைத்த கறுப்பு முத்து

என் தங்கையை நாங்கள் கொசு என்றுதான் கூப்பிடுவோம். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறாள். அந்த வேலையில் சேர்ந்த முதல் வாரமே நான் வைத்த பெயர். கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தேன், அவளோ தன் கைப்பேசியில் தன் எண்ணையே அந்தப் பெயரில் பதிந்துவைத்துக்கொண்டாள். அவ்வளவு அழுத்தம். அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை பேசச் சொன்னால் எனக்குத் தொண்டையில் சிக்கும், ஆனாலும் சொல்கிறேன். அவள் கை நடுங்காது. நரம்பே தெரியாத குண்டு மனுஷர்களுக்குக்கூட ஒரே குத்தில் எடுத்துவிடுவாள். அலறிக்கொண்டு வரும் குழந்தைகள் அவளிடம் மட்டும் அலறி முடிப்பதற்குள் வேலை முடிந்து எழுந்துவிடும்.

கல்யாண விஷயத்தில்தான் அந்தக் கை தப்பிவிட்டது. அவளைக் கட்டியவனை நான் பெரிய மனுஷன் என்பேன். மரியாதைக்காக இல்லை. காரை விட்டு இறங்கமாட்டான், மாடி ஏறமாட்டான், கீழே நின்று ஹாரன் அடிப்பான். இருவருக்கும் ஒத்துவரவில்லை, பிரிந்துவிட்டார்கள். ஏன் என்று கேட்காதீர்கள், கேட்டால் நான் பேச ஆரம்பித்துவிடுவேன், அடுப்பில் வைத்த பால் பொங்கிவிடும். ஒன்றை மட்டும் சொல்கிறேன். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க ஜனங்கள் விடியும்போதே வந்து வரிசையில் நிற்பார்கள் என்பதால் கொசு இருட்டோடு வேலைக்குக் கிளம்பியாக வேண்டும். "பொண்ணு காலையில எழுந்திரிக்கும்போது அம்மா வீட்லயே இருக்கறதில்லைங்க" என்று அவன் வக்கீல் நீதிமன்றத்தில் சொன்னான். பெண் குழந்தை அப்பாவோடு போனது. அம்மாவுக்குக் கிடைத்தது சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு மணி நேரம். அதுவும் என் வீட்டில், என் தையல் மெஷினுக்கும் துணி மூட்டைகளுக்கும் நடுவில்.

அந்தப் பெண்ணை நாங்கள் குட்டி என்போம். பன்னிரண்டு முடிந்துவிட்டது, இன்னும் குட்டிதான். முதலில் வந்த சனிக்கிழமைகளில் அது வாசலிலேயே செருப்பைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தது. கேட்டால், "எப்படியும் போகத்தானே போறேன்" என்றது. அம்மாவை அம்மா என்று கூப்பிடவில்லை. "இவங்க" என்றது. என்னை மட்டும் பெரியம்மா என்றது, அதுவும் குடிக்கத் தண்ணீர் வேண்டும்போது.

ஒரு வாரம் கொசு கெஞ்சினாள். "என்ன வேணும்னு சொல்லுடா, நான் செஞ்சு தரேன்."

"பபுள் டீ. செய்யத் தெரியுமா உனக்கு?"

தெரியாது என்று தெரிந்துதான் கேட்டது. அப்பன் கடைக்குக் கூட்டிப்போய் வாங்கித்தருகிற சமாச்சாரம் அது. பால் டீயில் சர்க்கரைப் பாகு ஊற்றி, அடியில் மரவள்ளி மாவில் செய்த கறுப்பு முத்துகளைப் போட்டு, கட்டைவிரல் நுழைகிற மாதிரி ஒரு ஸ்ட்ராவைச் செருகித் தருவார்கள். உறிஞ்சினால் டீயோடு முத்தும் வரும். மென்றால் ஜவ்வு மாதிரி இழுக்க வேண்டும். அதுதான் அதில் விஷயமே. இழுக்காவிட்டால் அது வெறும் டீ.

கொசு காய்ந்த முத்துகள் ஒரு பெரிய பையாக வாங்கிவந்தாள். மிளகைவிடப் பெரியது, கையில் எடுத்தால் கூழாங்கல் மாதிரி கடகடவென்று ஓடும். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்ததும் வேகவைத்தாள், நன்றாகத்தான் வந்தது. நானே ஒன்றை எடுத்து மென்றேன், இழுத்தது. மிச்சத்தைக் கண்ணாடிக் குடுவையில் போட்டு, மேலே தேதி எழுதி ஒட்டி, ஃபிரிட்ஜில் வைத்தாள். பரிசோதனை நிலையத்தில் எதைப் பத்திரப்படுத்துவதென்றாலும் அதுதானே வழக்கம். கெட்டுப்போகக் கூடாதா, குளிரில் வை. அவளுக்குப் பத்து வருஷமாகப் பழகின கை.

மறுநாள் குட்டி முதல் வாய் உறிஞ்சியது, கடித்தது, கண் விரிந்தது. உள்ளங்கையில் துப்பிப் பார்த்தது. முத்துக்குள் ஒரு வெளுப்பு, மாவாக, கடுக்கென்று.

"கல்லு" என்றது. "எனக்குக் கல்லு போட்டுக் குடுத்திருக்க."

ஹாரன் அடித்ததும் கீழே ஓடிப்போய் அப்பனிடமும் அதையே சொன்னது. இரண்டு நாளில் பெரிய மனுஷனிடமிருந்து ஃபோன் வந்தது. கொசு ஸ்பீக்கரில் போட்டாள். கை ஈரமாக இருந்தது என்றாள், நான் கேட்கட்டும் என்றுதான் போட்டாள்.

"இதப் பாரு, பொண்ணுக்குப் பல்லு கூசுதாம். ஒரு டீ ஒழுங்கா போட வக்கில்ல, இதுல சனிக்கிழமை சனிக்கிழமை பொண்ண அனுப்பணுமா? நான் மனு போடப்போறேன். அவளுக்கும் வெவரம் தெரிஞ்சிடுச்சு. அங்க போறியான்னு ஜட்ஜம்மா அவகிட்டயே கேட்கட்டும். அவ மாட்டேன்னா, அத்தோட விட்டுடணும். சரியா?"

"சரி" என்று சொல்லி வைத்துவிட்டாள் கொசு. எனக்கு வந்ததே கோபம்!

"என்னடி சரி? என்ன சரி? வாய்ல என்ன வச்சிருந்த?"

"அவ மாட்டேன்னு சொன்னா நான் என்ன பண்ண முடியும் அக்கா? இழுத்துட்டா வர முடியும்?" என்று சொல்லிவிட்டு, குடுவையில் மிஞ்சியிருந்த முத்துகளைக் குப்பையில் கொட்டினாள். கடகடவென்று சத்தம் கேட்டது.

அன்றிலிருந்து என் சமையலறை அவளுக்கு ஆய்வகமாகிவிட்டது, எனக்கு நரகமாகிவிட்டது. தினமும் மதியம் வந்து ஒரு கைப்பிடி முத்தை வேகவைப்பாள். ஒரு நாள் முன்கூட்டியே பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டாள். ஜவ்வரிசி மாதிரி ஊறவைக்கச் சொன்னது நான்தான் என்று இன்றுவரை சாதிக்கிறாள். சொல்லியிருக்கலாம், யார் கண்டது. போய்ப் பார்த்தால் முத்தையே காணோம், பாத்திரத்தில் கறுப்பாகச் சேறு. வேகாத மாவுதானே, பச்சைத் தண்ணீர் பட்டதும் கரைந்துவிட்டது. அன்றைக்கு இருவரும் கத்திய கத்தலில் கீழ்வீட்டுக்காரர் கதவைத் திறந்து எட்டிப்பார்த்தார்.

இன்னொரு நாள் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போதுதான் போட்டாள். ஆனால் தண்ணீர் போதவில்லை. எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே உருண்டை. பெரிய பாத்திரம் வேண்டும் என்று என் குக்கரைத் தூக்கினாள். அடுத்த முறை நிறையத் தண்ணீர், ஓயாமல் கிளறல், எல்லாம் மேலே மிதந்து வந்தன. மிதந்தால் வெந்தது என்று இறக்கிவிட்டாள். பார்க்கப் பளபளவென்று அழகாகத்தான் இருந்தது. வாயில் போட்டால் வெளியே கொழகொழ, உள்ளே நறுக்.

கொசு ஒரு முத்தைப் பலகையில் வைத்து பிளேடால் சரிபாதியாக அறுத்தாள். விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்தாள். நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது.

"இங்க பாரு. நடுவுல சூடே போகல. மிதக்கிறது வேகறதோட ஆரம்பந்தான்."

"வெந்துச்சோ வேகலையோ, என் பலகைய என்னத்துக்குடி அறுத்த?"

அவள் கேட்டால்தானே. மிதந்த பிறகும் அடுப்பைக் குறைத்து அரை மணி நேரம் கொதிக்கவிட்டாள். அப்புறமும் புள்ளி, சின்னதாக. இன்னும் கொதிக்கவிட்டால் மேல்தோல் கரைந்து களியானது. கடைசியில் அடுப்பை அணைத்துவிட்டு, வடிக்காமல், மூடியும் எடுக்காமல், அந்தச் சூட்டிலேயே இன்னொரு அரை மணி விட்டாள். அறுத்துப் பார்த்தபோது புள்ளி இல்லை. வடித்து, பச்சைத் தண்ணீரில் ஒரு அலசு அலசி, பழுப்புச் சர்க்கரைப் பாகில் போட்டாள். எனக்கு ஒன்று கொடுத்தாள். மென்றேன். இழுத்தது, விட்டது, மறுபடி இழுத்தது.

"பரவால்ல" என்றேன். என் வாயிலிருந்து அவளுக்கு அதற்குமேல் ஒருநாளும் வந்ததில்லை. சிரித்தாள் மூதேவி.

அந்தச் சனிக்கிழமை குட்டி வருகிற நேரத்துக்குச் சரியாக எல்லாவற்றையும் முடித்து, பாகில் போட்டு, மேஜைமேல் தயாராக வைத்தாள். ஃபிரிட்ஜில் இல்லை. குளிர்ந்தால் மாவு இறுகிவிடும் என்று அதற்குள் கண்டுபிடித்திருந்தாள். ஆனால் வெளியே வைத்தாலும் அதற்கு ஆயுள் கொஞ்ச நேரந்தான். போகப் போக அதுவாகவே இறுகும். பெரிய மனுஷன் வரவில்லை. "டிராஃபிக்" என்று செய்தி அனுப்பினான். அப்புறம் "வழியில ஒரு வேலை." கொசு ஜன்னலுக்கும் மேஜைக்கும் நடந்தாள். ஒவ்வொரு முறையும் ஒரு முத்தை எடுத்து மென்று பார்ப்பாள். நான் தைத்துக்கொண்டே அவள் தாடையைப் பார்த்தேன். மெல்ல மெல்ல கடிக்கிற மாதிரி ஆகிக்கொண்டிருந்தது.

நன்றாக இருட்டிய பிறகு வந்தான். "லேட்டாயிடுச்சு, சீக்கிரம் அனுப்பு" என்று கீழிருந்தே குரல். குட்டி மேலே வந்து, கல்லாகவும் இல்லாமல் முத்தாகவும் இல்லாமல் இருந்ததை ரெண்டு வாய் மென்று, டம்ளரை வைத்துவிட்டுப் போனது.

"அப்பா சொன்னாரு, உனக்கு வராதுன்னு."

கதவு சாத்திய பிறகு நான் திட்டினேன். அவனை, அவன் காரை, அவன் டிராஃபிக்கை. அவன் வேண்டுமென்றே செய்கிறான், இது தெரியாதா உனக்கு, நீ ஒரு மண்ணு. கொசு டம்ளரைக் கழுவி, துடைத்து, கவிழ்த்துவைத்தாள்.

"அடுத்த வாரத்துலருந்து அவ வந்தப்புறந்தான் தண்ணி வைப்பேன்" என்றாள்.

"அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் ஆகும்டி! அது உட்காருமா? வாசல்ல செருப்போட உட்கார்ற ஜென்மம் அது!"

"உட்காராட்டி போகட்டும்."

அடுத்த சனிக்கிழமை குட்டி வந்தது. மேஜைமேல் ஒன்றும் இல்லை. அடுப்பில் பெரிய பாத்திரத்தில் தண்ணீர் அப்போதுதான் சூடாகிக்கொண்டிருந்தது.

"எங்க?"

"இப்பதான் போடணும். ஒரு மணி நேரம் ஆகும்."

"ஒரு மணி நேரமா? லூசா நீ? நான் வர்றது தெரியாதா?"

"தெரியும். முன்னாடியே செஞ்சா கல்லாயிடுது. வேணும்னா இரு, வேணாம்னா கடைக்குப் போ. கிளறணும், கரண்டி அங்க இருக்கு."

நான் மெஷினை நிறுத்திவிட்டேன். இப்படி ஒரு குரலில் அவள் தன் பெண்ணிடம் பேசி நான் கேட்டதில்லை. குட்டிக்கும் கேட்டுப் பழக்கமில்லை போலிருக்கிறது. வாசலையும் சமையலறையையும் மாறி மாறிப் பார்த்தது. முத்துகளைக் கொட்டியதும் சட்டென்று அடியில் போய் உட்கார்ந்தன. "ஒட்டுது பாரு, கிளறு, கிளறு!" என்று கொசு அதட்டினாள். குட்டி செருப்பை உதறிவிட்டு ஓடிப்போய்க் கரண்டியை எடுத்தது. செருப்பு ஒன்று என் துணி மூட்டைமேல் விழுந்தது. எடுத்து ஓரமாக வைத்தேன்.

அன்பாக ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. "மெதுவா கிளறு, உடைஞ்சிடும்." "எனக்குத் தெரியும்." "தெரிஞ்சா ஏன் குத்தற?" "நீதான் எல்லாரையும் குத்தறவ." இப்படியே போயிற்று. எல்லாம் மிதந்ததும் குட்டி டம்ளரைத் தூக்கிக்கொண்டு வந்தது. கொசு ஒன்றை எடுத்து அறுத்து, உள்ளே இருந்த வெள்ளையைக் காட்டினாள். "இதத்தான் அன்னிக்குக் கடிச்ச." குட்டி குனிந்து பார்த்தது. பிறகு அதுவே இடையிடையே ஒன்றை எடுத்து அறுத்துப் பார்க்க ஆரம்பித்தது. புள்ளி சின்னதாகிறதா என்று அதற்கும் ஒரு அவசரம்.

அடுப்பை அணைத்து மூடிய பிறகுதான் வினை வந்தது. அந்த அரை மணி நேரம் கிளற ஒன்றும் இல்லை, அறுக்க ஒன்றும் இல்லை. மூடியைத் திறக்கவும் கூடாது. இரண்டு பேரும் மூடிய பாத்திரத்தின் முன்னால் நின்றார்கள்.

"நீ வேலைதான் முக்கியம்னு சொல்லிட்டியாமே" என்றது குட்டி. "அப்பா சொன்னாரு. வேலைய விடறியா, பொண்ண விடறியான்னு கேட்டதுக்கு, பொண்ண விடறேன்னு சொன்னியாம்."

எனக்கு ரத்தம் கொதித்தது. எழுந்தேவிட்டேன். கொசு கையைக் காட்டி என்னை உட்காரச் சொன்னாள்.

"யாரும் அப்படிக் கேட்கல. நான் அப்படிச் சொல்லவும் இல்ல. வேலைய விட்டா உன்ன எதப் போட்டு வளர்ப்பேன்னு கேட்டாங்க. விடாட்டி, காலையில யாரு பார்த்துப்பாங்கன்னு கேட்டாங்க. ரெண்டுக்கும் என்கிட்ட பதில் இல்ல. அதான் நடந்துது."

"பொய்."

"பொய்னா பொய்யின்னே வச்சிக்கோ."

"பெரியம்மா பார்த்துட்டிருக்கலாமில்ல?"

"பெரியம்மா அப்ப வேற ஊர்ல இருந்தா. கேட்டுப் பாரு."

குட்டி என்னைப் பார்த்தது. ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அது மறுபடியும் பாத்திரத்தைப் பார்க்கத் திரும்பிக்கொண்டது. முகம் சிவந்திருந்தது. மூடியை ஒரு விரலால் தள்ளப் போனது. "தொடாத!" என்றாள் கொசு. தொடவில்லை.

டீ குடித்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. அடியில் இருந்த கடைசி முத்து வரை ஸ்ட்ராவால் துரத்தித் துரத்தி உறிஞ்சியது. கீழே ஹாரன் அடித்தது.

அப்படியே சில வாரங்கள் போயின. ஒவ்வொரு சனிக்கிழமையும் சண்டைதான். வேகிற அரை மணியில் சில்லறைச் சண்டை, மூடிவைத்த அரை மணியில் பெரிய சண்டை. ஒரு வாரம் குட்டி அழுதது, ஒரு வாரம் கொசு அழுதாள், ஒரு வாரம் இருவரும் சேர்ந்துகொண்டு என்னைத் திட்டினார்கள். "இவங்க" என்பது எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. நின்றிருந்தது.

பிறகு நீதிமன்றத்தில் கூப்பிட்டார்கள். குட்டியைத் தனியாக உள்ளே அழைத்து ஜட்ஜம்மா பேசினார். நாங்கள் வெளியே பெஞ்சில். எதிர் பெஞ்சில் பெரிய மனுஷன், இங்கே அவனால் ஹாரன் அடிக்க முடியவில்லை. குட்டி வெளியே வந்து யார் முகத்தையும் பார்க்காமல் அவனோடு போய்விட்டது. உத்தரவு பிறகு வரும் என்றார்கள். கொசு அன்று ராத்திரி சாப்பிடவில்லை. "நான் அவகிட்ட கொஞ்சம் நல்லவிதமா பேசியிருக்கலாம் அக்கா" என்றாள். ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை, அதுவே எனக்குப் பெரிய காரியம்.

சனிக்கிழமை வந்தது. காரும் வந்தது. மாடிப்படியில் தடதடவென்று சத்தம். குட்டி உள்ளே வந்து ஒரு பாக்கெட்டை மேஜைமேல் போட்டது. சின்ன முத்துகள், மேலே கொட்டையெழுத்தில் "ஐந்து நிமிடத்தில் தயார்."

"அப்பா குடுத்தாரு. இனிமே இதப் போடச் சொன்னாரு. கொதிக்கற தண்ணில போட்டா அஞ்சு நிமிஷம், மூடி வச்சா இன்னொரு அஞ்சு நிமிஷமாம். சும்மா மணிக்கணக்கா உட்கார வேணாம், குடிச்சிட்டு உடனே கீழ வரச் சொன்னாரு."

கொசுவின் முகம் செத்துப்போயிற்று. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பாக்கெட்டை எடுத்தாள். பெரிய பாத்திரத்தை உள்ளே தள்ளிவிட்டு, சின்னதை எடுத்து வைத்தாள். கத்தரிக்கோலைத் தேடினாள். நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுங்கியது.

"அத ஏன் எடுக்கற?" என்றது குட்டி.

"நீதானே..."

"அவரு குடுத்தாரு, நான் கொண்டுவந்தேன். போடுன்னு சொன்னேனா? அது நல்லாவே இல்ல. அப்பா நேத்து வீட்ல பண்ணாரு. தண்ணி சூடாகறதுக்கு முன்னாடியே கொட்டிட்டாரு. கஞ்சி. நான் சொன்னா கேட்டாத்தானே?" என்று சொல்லிக்கொண்டே அது குனிந்து, உள்ளே தள்ளிய பெரிய பாத்திரத்தை இழுத்து வெளியே வைத்தது. "பழசப் போடு."

கொசு பாத்திரத்தைத் தொடவில்லை. அவள் கேட்க நினைத்தது வேறு.

"ஜட்ஜம்மா கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"என்ன சொன்ன?"

"வேற என்ன சொல்லுவேன்?" குட்டிக்குக் கோபம் கோபமாக வந்தது. "ரெண்டு மணி நேரம் பத்தலன்னு சொன்னேன். ஒரு மணி நேரம் வேகறதுக்கே போயிடுதுன்னு சொன்னேன். அவங்க சிரிக்கிறாங்க. இதுல சிரிக்க என்ன இருக்கு? நீ நிக்காத, தண்ணி புடி."

கொசு குழாயைத் திறந்தாள். பாத்திரம் நிரம்பி வழிந்தது, அவள் மூடவில்லை. நான்தான் எழுந்துபோய் மூடினேன். அவளைத் திட்டவும் திட்டினேன், என்ன திட்டினேன் என்று ஞாபகமில்லை.

கீழே ஹாரன் அடித்தது. ஒரு தடவை, அப்புறம் நீளமாக இன்னொரு தடவை. குட்டி விறுவிறுவென்று ஜன்னலுக்குப் போய், பாதி உடம்பை வெளியே நீட்டி, தெருவே கேட்கிற மாதிரி கத்தியது.

"வேகலப்பா இன்னும்!"

நாங்கள் அடுப்பையே பற்றவைத்திருக்கவில்லை.